ஒரு பக்கக் கடிதமா, நீளக் கட்டுரையா? மோட்டிவேஷன் லெட்டருக்கும் பர்சனல் எஸ்ஸேவுக்கும் உள்ள வித்தியாசம்



ஏழாவது செமஸ்டர் வந்தாலே ஹாஸ்டல்ல பாதி லேப்டாப்ல ‘SOP_final_final2’-னு ஒரு ஃபைல் திறந்திருக்கும். அந்த ஒரே ஃபைலை அமெரிக்காவுக்கு ஒரு தடவை, கொஞ்சம் வெட்டி ஜெர்மனிக்கு ஒரு தடவைன்னு அனுப்புறதுதான் நம்மள்ல பலர் பண்றது. போன வருஷம் மெக்கானிக்கல் ஜூனியர் ஒருத்தி அப்படித்தான் தன்னோட ஃபைலை எடுத்துட்டு வந்தா. "அக்கா, 900 வார்த்தை இருக்கு. ஜெர்மனிக்கு ஒரு பக்கம்தான் வேணுமாம். எதை வெட்டட்டும்?"னு கேட்டா. அவளும் நானும் உட்கார்ந்து பண்ணின வேலையை வச்சே இந்தக் கட்டுரையைச் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்த ரெண்டும் ஒரே எழுத்தோட சின்ன சைஸ், பெரிய சைஸ் இல்ல. ரெண்டும் வேற வேற கேள்விக்கான பதில். மோட்டிவேஷன் லெட்டரைப் படிக்கிறவர் மனசுல இருக்கிற கேள்வி: "எங்க கோர்ஸுக்கு இவங்க பொருந்துவாங்களா?" பர்சனல் எஸ்ஸேவைப் படிக்கிறவர் மனசுல இருக்கிற கேள்வி: "இவங்க யாரு, எப்படி யோசிப்பாங்க?" முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பக்கம் போதும். ரெண்டாவதுக்கு ஒரு சம்பவத்தை விரிச்சுச் சொல்ல இடம் வேணும். நீளம் வேறுபடுறது அதனாலதான்.

யாரு எதைக் கேக்குறாங்க?

ஜெர்மனி, நெதர்லாந்து மாதிரி ஐரோப்பிய நாடுகளோட மாஸ்டர்ஸ் படிப்புகள், எராஸ்மஸ் முண்டுஸ், DAAD ஸ்காலர்ஷிப் இதுக்கெல்லாம் பொதுவா மோட்டிவேஷன் லெட்டர்தான். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள்ல உங்க இளநிலைப் பாடங்கள் அவங்க மாஸ்டர்ஸுக்கு அடித்தளமா ஒத்துப்போகுதான்னு முதல்ல மார்க் ஷீட்டையும் சிலபஸையும் வச்சுப் பார்ப்பாங்க. கடிதம் அந்தப் பொருத்தத்தை விளக்குற ஆவணம். நீளம் ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு பக்கம். DAAD-ல வேலை அனுபவம் உள்ளவங்களுக்கான EPOS திட்டத்துக்கு அப்ளை பண்ணினா, இப்ப பார்க்கிற வேலையையும் படிக்கப்போற கோர்ஸையும் கடிதம் இணைச்சுக் காட்டணும்.

அமெரிக்காவுல MS, PhD-க்குக் கேக்குறது ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ். இது நடுவுல நிக்கிற வகை. பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு பக்கம் வரும். ஆனா மையம் உங்க குடும்பக் கதை இல்ல, உங்க ஆய்வு ஆர்வமும் அதுக்கான தயாரிப்பும்தான். சொந்தக் கதைக்குத் தனி இடம் கேக்குற பல்கலைக்கழகங்களும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ் தனி, பர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்ட் தனி. உங்க பின்னணி, தாண்டி வந்த தடைகள், அது உங்களை மேல்படிப்புக்கு எப்படிக் கொண்டுவந்தது, இதெல்லாம் ரெண்டாவதுல வரணும். அதையே முதலாவதுலயும் எழுதினா ஒரு ஆவணம் வீண்.

அப்போ "சின்ன வயசுல ரேடியோவைப் பிரிச்சுப் போட்டேன்"னு ஆரம்பிக்கிற மாதிரிகள் எங்கிருந்து வருது? அதுல நிறைய, அமெரிக்காவுல இளநிலைப் படிப்புக்கு காமன் ஆப் வழியா எழுதுற கட்டுரைகள். அதுக்கு வரம்பு 250 முதல் 650 வார்த்தை. எழுதுறவங்க பன்னிரண்டாம் வகுப்புப் பசங்க. காட்ட ப்ராஜெக்ட் பெருசா இருக்காது, அதனால ஆளைக் காட்டச் சொல்றாங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நாம அந்த அச்சுல ஊத்தினா, காட்ட வேண்டிய நாலு வருஷமும் காணாமப் போயிடும்.

அந்த 900 வார்த்தை

இப்ப ஜூனியரோட ஃபைலுக்கு வருவோம். அவ ஊர் பள்ளிபாளையம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுறவர். மோட்டார்ல சத்தம் மாறினா, ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேல வச்சு, கைப்பிடியைக் காதுல வச்சுக் கேட்டு, "இது போயிடுச்சு"ன்னு சொல்லிடுவாராம். இவளோட ப்ராஜெக்ட்டும் அதேதான்: அதிர்வை வச்சு பேரிங் கோளாறைக் கண்டுபிடிக்கிறது.

900 வார்த்தையில தறிக் கதை 250, பள்ளி, கல்லூரி 150, ப்ராஜெக்ட் 200, ஏன் ஜெர்மனி 150, எதிர்காலம் 150. அவ முதல்ல என்ன பண்ணினான்னா, எல்லாத்தையும் சரிபாதியா வெட்டி 450-க்குக் கொண்டுவந்தா. ஒரு பக்கத்துக்கு அந்த அளவு சரிதான். ஆனா படிச்சுப் பார்த்தா, தறிக் கதை 125 வார்த்தை, ப்ராஜெக்ட் 100 வார்த்தை. கதையில உயிர் போயிடுச்சு, ப்ராஜெக்ட்ல விவரம் போயிடுச்சு. அவ அப்ளை பண்ணின கோர்ஸோட ஒரு பாடம்கூட அதுல இல்ல. தேர்வுக் குழுவோட கேள்விக்குப் பதிலே இல்லாத கடிதம் அது.

அதனால வெட்டுறதை விட்டுட்டு, வெள்ளைத் தாள்ல புதுசா ஆரம்பிச்சோம். அந்தக் கோர்ஸோட மாட்யூல் கையேட்டைப் பதிவிறக்கி, பாடங்களை ஒரு பக்கம் எழுதினோம். எதிர்ப்பக்கம் அவ படிச்சதை எழுதினோம். அதுக்கப்புறம் 450 வார்த்தையைப் பிரிச்ச விதம் இது:

- என்ன கோர்ஸ், எந்தச் சிக்கலுக்காக: 50
- படிச்ச பாடங்கள் அவங்க பாடங்களோட எங்க சேருது: 130
- ப்ராஜெக்ட்: 140
- ஏன் இந்தக் கோர்ஸ்தான்: 80
- படிச்ச பிறகு என்ன: 50

தறி முழுசாப் போகல. முதல் பத்தியில ஒரே ஒரு வாக்கியமா நின்னுது: "விசைத்தறிகள் நிறைந்த ஊரில் வளர்ந்ததால், ஒரு பேரிங் பழுதானால் ஒரு நாள் கூலி போகும் என்பதை அறிவேன்." அவ்வளவுதான். அனுப்பினது ஆங்கிலத்துல, இங்க தமிழ்ல சொல்றேன்.

ப்ராஜெக்ட் பத்தி எப்படி மாறுச்சுன்னு பாருங்க. பழசு: "இயந்திரக் கோளாறுகளைக் கண்டறியும் சவாலான ப்ராஜெக்ட்டைச் செய்து நிறையக் கற்றுக்கொண்டேன்." புதுசு: "நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில், வெளிவளையம் பழுதான 6205 பேரிங்கின் அதிர்வை அளந்தேன். விநாடிக்குச் சுமார் 86 முறை வரவேண்டிய தட்டல் முதலில் தெரியவில்லை. சென்சாரை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியதால் உயர் அதிர்வெண்கள் அடங்கிப்போனதே காரணம். ஸ்டட் வைத்துப் பொருத்திய பின் தெளிவாகத் தெரிந்தது. வேகம் மாறும்போது இந்த முறை தடுமாறுகிறது. அதைத் தீர்க்க சிக்னல் ப்ராசசிங் ஆழமாகப் படிக்க வேண்டும்." கடைசி வாக்கியத்தைக் கவனிங்க. அது நேரா "ஏன் இந்தக் கோர்ஸ்" பத்திக்கு வழி போடுது. அங்க சிக்னல் ப்ராசசிங், இயந்திர இயக்கவியல்னு அவங்க கையேட்டுல இருக்கிற ரெண்டு பாடங்களை மட்டும் சொன்னா போதும்.

இது கடிதம்ங்கிறதையும் மறந்துடாதீங்க. உங்க முகவரி, அவங்க முகவரி, தேதி, பொருள் வரி, வணக்கம், கடைசியில கையெழுத்து, எல்லாம் அந்தப் பக்கத்துக்குள்ளயே அடங்கணும்.

அதே விஷயம், கட்டுரையில

அவ ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு சொந்தப் பின்னணிக் கட்டுரையும் எழுத வேண்டியிருந்தது. அங்க எல்லாம் தலைகீழ். பாடப்பட்டியல் முழுசா வெளிய. ஸ்க்ரூடிரைவரைக் காதுல வச்ச அப்பா உள்ள. ஆனா அங்கயும் அவளோட முதல் வரைவுல ஒரு தப்பு இருந்தது: 250 வார்த்தையும் அப்பாவைப் பத்தி. படிச்சு முடிச்சா, அப்பாவுக்கு அட்மிஷன் குடுக்கலாம்னு தோணும்!

"நீ என்ன பண்ணின?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, டேப் விஷயத்தைச் சொன்னா. மூணு வாரம் ப்ரோக்ராம்லதான் தப்புன்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருந்திருக்கா. லீவுக்கு ஊருக்குப் போனப்ப அப்பா ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடிக்கிறதைப் பார்த்திருக்கா. லேசா வச்சா கேக்காது, அழுத்தினாத்தான் கேக்கும். அப்பதான் சென்சார் சரியாப் பொருந்தலையோன்னு சந்தேகம் வந்திருக்கு. "இதெல்லாம் போய் எழுதுறதா அக்கா? தோத்த கதை மாதிரி இருக்கே"ன்னா. அதுதான் கட்டுரை. அவ எப்படி யோசிப்பாங்கிறது அந்த மூணு வாரத்துலதான் இருக்கு. கடிதத்துல ஒரு வாக்கியமா இருந்த அதே டேப், இங்க 300 வார்த்தை ஆச்சு.

அதே பல்கலைக்கழகத்துக்கான ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்ல இந்தக் கதை எதுவும் வரல. வேகம் மாறும்போது தட்டலோட அதிர்வெண்ணும் நகருது, அதைச் சுற்றுக்கணக்குல அளக்கிற ஆர்டர் ட்ராக்கிங் முறையை அடுத்து முயற்சி செய்யணும்ங்கிற ஆய்வுக் கேள்விதான் அதோட மையம்.

அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை

கடிதத்துக்கு: கோர்ஸ் பேரையும் பல்கலைக்கழகப் பேரையும் அழிச்சுட்டு வேற ஒண்ணைப் போட்டுப் படிங்க. அப்பவும் சரியா இருந்தா, பொருத்தம்னு நீங்க எதுவும் எழுதலைன்னு அர்த்தம். "உலகத்தரம்", "புகழ்பெற்ற பேராசிரியர்கள்"னு நிரப்பின கடிதங்கள் இதுலதான் மாட்டும்.

கட்டுரைக்கு: உங்க பேரை அழிச்சுட்டு பக்கத்து பெஞ்ச் நண்பர் பேரைப் போட்டுப் படிங்க. அவருக்கும் பொருந்தினா, உள்ள நீங்க இல்ல.

தலைப்பை மட்டும் நம்பிடாதீங்க. சில இடங்கள்ல "மோட்டிவேஷன்"னு பேர் வச்சுட்டு, கேள்விகளைக் குடுத்து ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் கேப்பாங்க. பிரிட்டன்ல "பர்சனல் ஸ்டேட்மென்ட்"னு பேர் இருக்கும்; ஆனா மாஸ்டர்ஸுக்கு அவங்க எதிர்பார்க்கிறது பெரும்பாலும் படிப்பு சார்ந்த காரணங்களைத்தான். அதனால அந்த வருஷத்து அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து, வார்த்தை வரம்பையும் கேக்குற கேள்வியையும் அப்படியே ஒரு தாள்ல எழுதி மேசை மேல ஒட்டிக்கோங்க. ஒவ்வொரு பத்தி முடிஞ்சதும் நிமிர்ந்து அதைப் பாருங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பத்தி எவ்வளவு அழகா இருந்தாலும், அதோட இடம் வேற ஃபைல்.