புள்ளிப் பட்டியலில் பெயரையும் இனிஷியலையும் பிரிக்க

காரைக்குடிப் பக்கம் நகரக் கோயில் புள்ளிப் பட்டியலையோ கல்யாண அழைப்புப் பட்டியலையோ கூகுள் ஷீட்டில் ஏற்றும்போது, முழுப்பெயர் எல்லாம் ஒரே பத்தியில் விழுந்துவிடும். அதைப் பிரிக்கச் சில குறிப்புகள்:

1. இனிஷியலை எழுத்து எழுத்தாக உடைக்காதீர்கள். ஏவி. மெய்யப்பனின் 'ஏவி.' ஒரே இனிஷியல். அப்பா ஆவிச்சியின் பெயர் அதில் இருக்கிறது. வ.சுப. மாணிக்கத்தின் 'சுப.' சுப்பிரமணியனைக் குறிக்கும். ஆகவே எல்லை எழுத்து அல்ல, புள்ளிதான். இடைவெளியை வைத்துப் பிரித்தாலும் சரிவராது, 'ராம.அழகப்பன்' என்று சேர்த்து எழுதுகிறவர்களே அதிகம்.

2. மூலப் பத்தியை அப்படியே விட்டுவிட்டு, அதன் நகலில் வேலை செய்யுங்கள். முதலில் 'திரு.', 'திருமதி.', 'டாக்டர்.' ஆகியவற்றைத் தேடி நீக்குங்கள். விட்டால் அவையும் இனிஷியலில் ஒட்டிக்கொள்ளும்.

3. பெயர் A2-இல் இருந்தால், இனிஷியலுக்கு B2-இல் இதை இடுங்கள்:

```
=IFERROR(REGEXEXTRACT(A2,"^.*\."),"")
```

பெயருக்கு C2-இல் இது:

```
=TRIM(REGEXREPLACE(A2,"^.*\.\s*",""))
```

இரண்டும் கடைசிப் புள்ளியில் வெட்டும். 'வ.சுப.மாணிக்கம்' என்பது 'வ.சுப.' என்றும் 'மாணிக்கம்' என்றும் பிரியும். பிறகு இரண்டையும் கீழே வரை இழுத்துவிடுங்கள்.

4. C பத்தி காலியாக இருக்கும் வரிகளை வடிகட்டிப் பாருங்கள். அங்கே 'அழகப்பன் ராம.' என்று இனிஷியல் பின்னால் வந்திருக்கும். அவற்றை A-யில் முன்பின்னாக மாற்றினால் தானே சரியாகிவிடும்.

5. அடுத்து B காலியான வரிகள். சிலருக்கு உண்மையிலேயே இனிஷியல் இருக்காது; சிலர் புள்ளி வைக்க மறந்திருப்பார்கள். 'ராம அழகப்பன்' இனிஷியலோடு கூடிய பெயர், 'ராம கிருஷ்ணன்' முழுப்பெயர். இந்த வித்தியாசம் சூத்திரத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

6. குடும்பப் பெயருக்கு D பத்தியை ஒதுக்கி, காலியாகவே விடுங்கள். கடைசிச் சொல்லை அங்கே தள்ளினால் 'முத்து லெட்சுமி'யின் பாதிப் பெயர் போய்விடும். 'செட்டியார்' என்பதும் பட்டம்தான். பெயரோடு C-யிலேயே இருக்கட்டும். வடநாட்டு நண்பர்களுக்கும், குடும்பப் பெயர் இன்னது என்று தாங்களே சொன்னவர்களுக்கும் மட்டும் D-யை நிரப்புங்கள்.

7. இனிஷியலை நீங்களாக விரிக்காதீர்கள். 'ராம.' ராமநாதனாகவும் இருக்கலாம், ராமசாமியாகவும் இருக்கலாம். பாஸ்போர்ட் போன்ற விண்ணப்பத்துக்கு விரிவு தேவைப்பட்டால், அந்த வீட்டாரிடம் கேட்டு இன்னொரு பத்தியில் எழுதுங்கள்.

8. முடிவில் B-யையும் C-யையும் சேர்த்து, இடைவெளிகளை நீக்கிவிட்டு A-யோடு ஒப்பிடுங்கள்:

```
=SUBSTITUTE(B2&C2," ","")=SUBSTITUTE(A2," ","")
```

FALSE என்று வரும் வரியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. ஆனால் TRUE என்று வந்தால் எழுத்து தொலையவில்லை என்றுதான் பொருள். சரியான இடத்தில் வெட்டியிருக்கிறது என்பதற்கு நான்காம், ஐந்தாம் குறிப்புகளின் சரிபார்ப்பு அவசியம்.