வெடித்த உத்திரங்களைப் பற்றி இஞ்சினீயருக்கு எழுதும் முறை

பழைய பாடசாலையொன்றின் தாழ்வாரத்து உத்திரம் வெடித்திருந்தால், "உத்திரம் வெடித்துவிட்டது, வந்து பார்க்கவும்" என்று எழுதுவது வழக்கம். இதனால் ஆபத்து எவ்வளவு என்பது இஞ்சினீயருக்கு விளங்காது. வெடிப்பு எவ்விடத்தில், எத்திசையில் ஓடுகிறது என்பதே முக்கியம். ஒரு தலைமை உபாத்தியாயினி எழுதத்தக்க கடிதத்தை உதாரணமாகக் கீழே தருகிறோம்.

"ஐயா,

எங்கள் தாழ்வாரத்தில் ஐந்து தேக்கு உத்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுவருக்கும் தூணுக்கும் இடையே 10 அடி நீளம்; உயரம் 8 அங்குலம், அகலம் 5 அங்குலம். மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இட்ட தளம். ஒழுக்கை நிறுத்தச் சென்ற வருஷம் அதன்மேல் 2 அங்குலக் காரை சேர்த்துப் போடப்பட்டது.

2-வது உத்திரத்தின் பக்கத்தில், மரத்தின் நார் ஓடும் திசையிலேயே 3 அடி நீள வெடிப்பு உளது. மெல்லிய கம்பி அதனுள் அரை அங்குலமே செல்கிறது.

4-வது உத்திரத்தின் நடுவே, அடிப்புறத்துக் கணுவொன்றிலிருந்து ஒரு வெடிப்பு நாரைக் குறுக்கே அறுத்து 3 அங்குலம் மேலேறுகிறது. நூல் பிடித்துப் பார்த்ததில் நடுவில் 1 அங்குலம் தொய்வு. மற்றவற்றில் கால் அங்குலமே. வெடிப்பின் நுனியில் இட்ட பென்சில் கோட்டை இரண்டு வாரத்தில் அது அரை அங்குலம் கடந்துவிட்டது.

5-வது உத்திரம் சுவரில் நுழையுமிடத்தில் கோணூசி 2 அங்குலம் தடையின்றி இறங்குகிறது.

4, 5 உத்திரங்களை ஒட்டிய பாகத்தை அடைத்துப் பிள்ளைகளை அப்புறப்படுத்தியிருக்கிறோம்."

இக்கடிதத்திலிருந்து இஞ்சினீயர் அறிவது யாது? மரம் உலரும்போது சுருங்குவதால் நாரோட்டமாக வெடிப்புகள் உண்டாகும். 2-வது உத்திரத்தைப்போல ஆழமின்றி, முனைவரை ஓடாதிருப்பின் பெரும்பாலும் பயமில்லை. முனையருகே, உத்திரத்தின் பாதி உயரத்தில் நீளவாக்காகப் பிளந்திருப்பின் அதைத் தனியே குறிப்பிடவேண்டும்.

4-வது உத்திரமோ வேறு. பாரம் ஏறும்போது உத்திரத்தின் அடிப்புற நார்கள் இழுபடுகின்றன. அவ்விழுப்பு நடுவிலேயே மிகுதி. அங்கே நார் அறுந்திருப்பது உத்திரம் முறியத் தொடங்கியதன் அடையாளம். புதிய காரை சதுர அடிக்கு ஏறக்குறைய 20 ராத்தல் பாரத்தைக் கூட்டியிருக்கிறது. 5-வதில், சுவரின் ஈரத்தால் மரம் உளுத்திருக்கலாம், அல்லது கறையான் அரித்திருக்கலாம். சுவருக்குள் எவ்வளவு தூரம் கெட்டதென்பதைத் திறந்து பார்த்தே சொல்லமுடியும்.

இஞ்சினீயர் வருமுன் முட்டுக்கொடுக்க நேர்ந்தால், அனுபவமுள்ள தச்சரைக் கொண்டே செய்விக்க வேண்டும். தடித்த பலகையின்மேல் கால் நிறுத்தி, 4-வதற்கு வெடிப்பினருகேயும் 5-வதற்குச் சுவரையொட்டியும் ஆப்பை இறுகும்வரை மட்டுமே அடிக்க வேண்டும். தொய்வை நிமிர்த்த முயன்றால் மேல்தளம் பிளக்கும். வெடிப்பை மக்கு வைத்து அடைத்து வர்ணம் பூசுவதும் ஆகாது. அது வளர்வது அப்பால் கண்ணுக்குத் தெரியாது.