அணைச் சுவரைத் தண்ணீர் எவ்வளவு தள்ளும்? கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

சேர்வராயன் மலையில் நல்ல மழை பெய்தால் சேலத்துக்காரர்கள் ஏற்காடு ஏரியைப் பேசுவார்கள். பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிகள் வாணியாறு அணையைப் பேசுவார்கள். ஏற்காட்டு மலைத்தொடரிலிருந்து இறங்கும் வாணியாற்றை, தருமபுரி மாவட்டம் முள்ளிக்காடு அருகே மறித்துக் கட்டிய அணை அது. "மொத்த உயரம் 65.27 அடி, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி" என்று மழைக்காலச் செய்திகளில் அடிக்கடி வரும். அந்த 'அடி' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தண்ணீர் சுவரை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது, எந்த இடத்தில் தள்ளுகிறது, அதைத் தாங்கச் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

கணக்கு எளிதாக இருக்க, 65.27 அடி ஆழத் தண்ணீருக்கு முன்னால் ஒரு செங்குத்துச் சுவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். சரிவான கரையை 6-ஆம் படியில் பார்க்கலாம்.

படி 1: அடியை மீட்டராக்குங்கள்

ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். 65.27 அடி என்றால் 19.9 மீட்டர், 20 மீட்டர் என்றே எடுத்துக்கொள்வோம்.

மீட்டருக்கு மாறுவதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அதனால் விசையையும் டன்னிலேயே சொல்லிவிடலாம். பாடப்புத்தக அலகு வேண்டுமானால், ஒரு டன் எடையை 9.81 கிலோநியூட்டன் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவரின் முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். ஒரு மீட்டர் அகலப் பட்டையை மட்டும் எடுங்கள். பொறியாளர்களும் முதலில் இப்படித்தான் போடுவார்கள்.

படி 2: ஒவ்வோர் ஆழத்திலும் அழுத்தம் என்ன?

ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை ஒரு டன். ஐந்து மீட்டர் நின்றால் ஐந்து டன். ஆகவே எத்தனை மீட்டர் ஆழமோ, அங்கே ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை டன் அழுத்தம். நீர்ப்பரப்பில் சுழி, 10 மீட்டர் ஆழத்தில் 10 டன், 20 மீட்டர் அடியில் 20 டன்.

தண்ணீர் கீழே மட்டும் அழுத்துவதில்லை. நிற்கும் தண்ணீரில் ஒரு புள்ளியின் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு. சுவரின் பரப்புக்குச் செங்குத்தான திசையில் அது தள்ளும். செங்குத்துச் சுவர் என்பதால் தள்ளல் முழுவதும் கிடைமட்டமானது. தண்ணீரின் மேல் காற்றும் அழுத்துகிறதே என்று கேட்கலாம். சுவரின் மறுபக்கத்திலும் அதே காற்று அதே அளவுக்கு அழுத்துகிறது. இரண்டும் கழிந்துவிடும்.

படி 3: சுவரை அடுக்குகளாக வெட்டிக் கூட்டுங்கள்

அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரே ஓர் எண்ணைப் பரப்போடு பெருக்கிவிட முடியாது. 20 மீட்டர் உயரப் பட்டையை ஐந்தைந்து மீட்டராக நான்கு அடுக்குகளாக்குங்கள். ஒவ்வோர் அடுக்கின் நடு ஆழத்து அழுத்தத்தை அதன் பரப்பான 5 சதுர மீட்டரால் பெருக்குங்கள்.

- மேல் அடுக்கு: 2.5 × 5 = 12.5 டன்
- இரண்டாம் அடுக்கு: 7.5 × 5 = 37.5 டன்
- மூன்றாம் அடுக்கு: 12.5 × 5 = 62.5 டன்
- அடி அடுக்கு: 17.5 × 5 = 87.5 டன்

மொத்தம் 200 டன். அதில் கீழ்ப்பாதி மட்டும் 150 டன்னைச் சுமக்கிறது. தள்ளலில் முக்கால் பங்கு சுவரின் கீழ்ப்பாதியில் விழுகிறது.

அடுக்குகளை எவ்வளவு மெல்லியதாக வெட்டினாலும் இந்த 200 மாறாது. அழுத்தம் நேர்கோட்டில் ஏறுவதால், அதை வரைந்தால் மேலே கூராகவும் கீழே 20 அகலமாகவும் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பே மொத்த விசை: பாதி × 20 × 20. தொகை நுண்கணிதம் தெரிந்தவர்கள் இதைத் தொகையீடாக எழுதுவார்கள், விடை இதேதான்.

ஆழம் h மீட்டர் என்றால், ஒரு மீட்டர் அகலத்துக்கு விசை F டன்னில்:

F = h² / 2

தொடக்கத்தில் பலரும் அடி அழுத்தமான 20-ஐ அப்படியே 20 சதுர மீட்டரால் பெருக்கி 400 டன் என்று எழுதிவிடுவார்கள். விடை சரியாக இரண்டு மடங்காக வந்திருந்தால், சராசரி அழுத்தத்தை எடுக்க மறந்திருக்கிறீர்கள். இன்னொன்று, ஆழத்தை அடியிலேயே வைத்து இந்தச் சூத்திரத்தில் போடுவது. அப்போது விடை பத்து மடங்குக்கும் மேல் வீங்கிவிடும்.

படி 4: நீர்த்தேக்கத்தின் பரப்பை மறந்துவிடுங்கள்

சூத்திரத்தில் ஆழம் மட்டுமே இருக்கிறது. தண்ணீர் பின்னால் எத்தனை கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது என்பதற்கு அதில் இடமே இல்லை. சுவரை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு சுவர் எழுப்பி, அந்தச் சந்தில் 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினாலும், மீட்டருக்கு அதே 200 டன்தான் தள்ளும்.

சேலம் மாவட்டத்தில் 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவில் வாணியாற்றை அதன் பக்கத்திலேயே வைக்க முடியாது. ஆனால் சுவரின் மீதான தள்ளலை ஒப்பிட அதன் முழு நீர்மட்டமான 120 அடி என்ற எண் போதும். 120 அடி என்பது 36.6 மீட்டர். அவ்வளவு ஆழத் தண்ணீர் செங்குத்துச் சுவரைத் தள்ளினால் மீட்டருக்குச் சுமார் 669 டன். ஆழம் வாணியாற்றைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. விசையோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. ஆழத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதன் விளைவு இது.

படி 5: விசை எந்த இடத்தில் தாக்குகிறது?

200 டன்னும் ஒரே புள்ளியில் தள்ளுவதாக எடுத்துக்கொண்டால், அந்தப் புள்ளி எது? நடுவில் இருக்க முடியாது. பாரம் கீழே கூடியிருக்கிறது. முக்கோணத்தின் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். நம் சுவரில் அது அடியிலிருந்து 6.67 மீட்டர்.

சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் விசையையும் இந்த உயரத்தையும் பெருக்கி வருவது: 200 × 6.67 = 1,333 டன்-மீட்டர். விசை ஆழத்தின் இருபடியாகவும், அது தாக்கும் உயரம் ஆழத்தோடும் ஏறுவதால், கவிழ்க்கும் திறன் ஆழத்தின் முப்படியாக ஏறும். ஆழத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு.

படி 6: கரை சரிவாக இருந்தால்?

நம் ஊர் ஏரிகளிலும் பல நீர்த்தேக்கங்களிலும் தண்ணீரைத் தாங்குவது சரிவான மண்கரை. அங்கும் நாம் போட்ட கணக்கு வீணாகாது. சரிவின் மீதான தள்ளலைக் கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டாகப் பிரித்தால், கிடைமட்டப் பங்கு அதே ஆழச் செங்குத்துச் சுவருக்கு வரும் அதே 200 டன். கூடுதலாக, சரிவின் மேல் நிற்கும் தண்ணீரின் எடை கரையைக் கீழே அழுத்தும். அது கரை நிலைக்க உதவியே செய்யும்.

படி 7: சுவர் எவ்வளவு தடிமன்?

கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டி, தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்குவது ஈர்ப்பு அணை. மேட்டூர் அந்த வகை. நம் 20 மீட்டர் அணையின் குறுக்குவெட்டு ஒரு செங்கோண முக்கோணம் என்று கொள்வோம்: நீர்ப்பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு, அடி அகலம் b மீட்டர். கான்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன். எனவே பட்டையின் எடை 24b டன்.

சுவர் கவிழாமல் இருந்தால் மட்டும் போதாது. நீர்ப்பக்க அடியில் இழுவிசை வந்து விரிசல் விழக் கூடாது. அதற்கு, எடையும் தள்ளலும் சேர்ந்த கூட்டு விசை அடித்தளத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும். முக்கோண அணையின் எடை நீர்ப்பக்கத்திலிருந்து b/3 தொலைவில் இறங்குகிறது. தள்ளல் அதை அதிகபட்சம் இன்னொரு b/3 தொலைவு நகர்த்தலாம். அதாவது 24b × b/3 = 1,333. இதிலிருந்து b சுமார் 12.9 மீட்டர்.

படி 8: அடியில் நுழையும் தண்ணீரைச் சேருங்கள்

இத்தோடு நிறுத்தினால் அணை ஆபத்தில் இருக்கும். பாறை இடுக்குகள் வழியே தண்ணீர் அணைக்கு அடியில் புகுந்து மேல்நோக்கித் தள்ளும். பிரான்சில் பூசே அணை 1895 ஏப்ரலில் உடைந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்கு, சுவரின் விரிசலுக்குள் புகுந்த நீரின் மேல்நோக்கு அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காதது முக்கியக் காரணம். அதன் பிறகே இந்த அழுத்தத்தை அணைக் கணக்கில் கட்டாயமாகச் சேர்க்கும் வழக்கம் பரவியது.

நம் அணையில் இந்த அழுத்தம் நீர்ப்பக்க அடியில் 20 டன், மறுபக்க அடியில் சுழி என்று நேர்கோட்டில் குறைவதாகக் கொண்டால், மொத்தம் 10b டன் மேலே தூக்கும். அணையின் பயனுள்ள எடை 24b-யிலிருந்து 14b ஆகிறது. 14b × b/3 = 1,333 என்று போட்டால் b சுமார் 16.9 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத நீர் அடித்தளத்தில் நான்கு மீட்டர் கூடுதலாகக் கேட்கிறது. அணைக்குள் வடிகால் துளைகளும் ஆய்வுச் சுரங்கமும் வைப்பது இந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான். அந்தத் துளைகளில் கசியும் நீரை ஊழியர்கள் தவறாமல் அளப்பார்கள். நீர்மட்டம் உயராமலே கசிவு கூடினாலோ, துளைகள் அடைத்து திடீரென்று நின்றாலோ, உடனே கவனிக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் அணை வழுக்கி நகருமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 16.9 மீட்டர் அகலத்துக்குப் பயனுள்ள எடை சுமார் 237 டன். தள்ளல் 200 டன். உராய்வு மட்டும் இதைத் தாங்காது. அதனால்தான் மேல்மண்ணை நீக்கி, கெட்டிப் பாறையைக் கொத்தி, அதோடு அணையைப் பிணைக்கிறார்கள். மலை மழை கொண்டுவந்து அடியில் சேர்க்கும் சேறு, நிலநடுக்கம், அலை ஆகியவையும் உண்மையான வடிவமைப்பில் இதன் மேல் சேரும்.

படி 9: செய்தியில் வரும் எண்ணோடு சரிபாருங்கள்

அணை காலியாக இருக்கும்போது முதல் 5.27 அடி நீர் ஏறுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். அது 1.6 மீட்டர், சுவருக்கு மீட்டருக்கு 1.3 டன் தள்ளல்தான். அதே 5.27 அடி, 60 அடியிலிருந்து 65.27 அடிக்கு ஏறினால் தள்ளல் 167 டன்னிலிருந்து 198 டன்னாகிறது. கூடியது 31 டன். ஏறக்குறைய 24 மடங்கு. அணை நிரம்பும் தறுவாயில் ஒவ்வோர் அடிக்கும் அதிகாரிகள் பதறுவதும், முழுக் கொள்ளளவை எட்டும் முன்பே உபரி நீரைத் திறந்துவிடுவதும் ஏன் என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு பதில். நீங்கள் பார்க்கும் எந்த அணையின் நீர்மட்டத்தையும் மீட்டராக்கி, இருபடியாக்கி, பாதியாக்கிப் பாருங்கள். சுவர் அன்றைக்குச் சுமக்கும் பாரம் கிடைத்துவிடும்.