தமிழ்ச் செயலிச் சோதனை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மதுரைப் பேருந்து நிறுத்தங்களைத் தமிழில் காட்டும் ஒரு செயலி சோதனைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் தமிழ் தெரிந்ததுமே சோதனை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு எங்கே தவறுகிறது என்பதை நம் ஊர்ப் பெயர்களே காட்டிக்கொடுக்கும்.

நம்பிக்கை 1: கட்டம் கட்டமாக வராவிட்டால் எழுத்துரு சரி.

உண்மை: ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அமைத்த பொத்தானில் ‘ழ’, ‘ற’ ஆகியவற்றின் கால் வெட்டுப்படும். மேலே புள்ளி மறைந்தால் ‘ம்’ என்பது ‘ம’ ஆகிவிடும். கைபேசியின் எழுத்தளவை மிகப் பெரியதாக வைத்து ‘திருப்பரங்குன்றம்’ என்ற பெயரைப் பாருங்கள். குறை உடனே தெரியும்.

நம்பிக்கை 2: எந்த விசைப்பலகையில் அடித்தாலும் சொல் ஒன்றே.

உண்மை: ‘கோரிப்பாளையம்’ என்பதில் உள்ள ‘கோ’, க + ோ என்றும் பதிவாகலாம், க + ே + ா என்றும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒருவகையில் சேமித்ததை மறுவகையில் தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் NFC வடிவுக்கு மாற்றினால் இது தீரும்.

‘சௌராஷ்டிரா’ என்ற பெயரின் சிக்கல் அப்படித் தீராது. ‘சௌ’வுக்குப் பதிலாகப் பலர் செ, ள என்று இரண்டு எழுத்தாக அடிக்கிறார்கள். ‘ள’ தனி எழுத்து என்பதால் NFC அதைத் தொடாது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் விதியைத் தேடலில் தனியாக எழுத வேண்டும்.

நம்பிக்கை 3: வரிசைப்படுத்துவதைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

உண்மை: யூனிகோடு எண்களின்படி அடுக்கினால் வருவது இது: அனுப்பானடி, அலங்காநல்லூர், அழகர்கோவில், அவனியாபுரம். நாம் பள்ளியில் படித்த நெடுங்கணக்கில் வ, ழ, ள, ற, ன என்பதே முறை. ஆகவே அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில், அனுப்பானடி என்று வர வேண்டும்.

இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி அமைப்பைப் பின்பற்றியதால், யூனிகோடு அட்டவணையில் ‘ன’ எழுத்து ‘ந’வை அடுத்தும், ‘ழ’ எழுத்து ‘ள’வை அடுத்தும் நிற்கின்றன. அந்த எண் வரிசையை நம்பாமல் தமிழுக்கான வரிசை விதியை அழைக்க வேண்டும்:

```
stops.sort(new Intl.Collator('ta').compare)
```

நம்பிக்கை 4: நீளமான பெயரை எண்ணிக்கை பார்த்து வெட்டிவிடலாம்.

உண்மை: ‘திருப்பரங்குன்றம்’ நம் கணக்கில் 10 எழுத்து, கணினிக்கு 17 குறிகள். 13 குறிகளோடு வெட்டினால் ‘திருப்பரங்குன’ என்று புள்ளியை இழந்து நிற்கும். UTF-8 முறையில் இதே பெயருக்கு 51 பைட் தேவை. 50 பைட்டோடு வெட்டினால் கடைசிப் புள்ளி பாதியில் அறுந்து, அந்த இடத்தில் � வரும். வெட்டுவதானால் முழு எழுத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். அதற்கு `Intl.Segmenter` இருக்கிறது.

இங்கே சொன்ன ஏழு பெயர்களையும் உங்கள் சோதனைத் தரவில் சேருங்கள். ஏழும் தேறும்வரை செயலியை வெளியிடாதீர்கள்.