மரண அறிவித்தல்களில் மெய்ப்புப் பார்த்தல்: எச்சத் தழுவல், திகதி, தகுதி வழக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்துத் தமிழ் நாளிதழ்களில் வெளிவரும் மரண அறிவித்தல் வரையறுத்த வாய்பாடுடைய உரைவகையாகும். அதில் நேரும் பிழைகளுள் எழுத்துப்பிழை எளிதிற் புலப்படுவது. உயிரோடிருப்பவரை இறந்தவராகக் காட்டும் தொடரமைப்புப் பிழையும், உறவினரை ஒரு நாள் பிந்தி வரச்செய்யும் திகதிப்பிழையும் எளிதிற் புலப்படாதவை. இக்கட்டுரை ஒரு மாதிரிப் படியைக் கொண்டு இவற்றைக் கண்டறியும் முறையை ஆராய்கிறது.

முன்னுரை

உதயன், வலம்புரி, வீரகேசரி முதலிய நாளிதழ்களை வாசித்துப் பழகியோர் மரண அறிவித்தலின் அமைப்பை நன்கறிவர். பிறப்பிடமும் வதிவிடமும் முதலில் வரும். அடுத்து இறந்தவரின் பெயரும் இறந்த நாளும் வரும். பின்னர் ‘அன்னார்’ என்னும் எழுவாயில் தொடங்கி, உறவுகளை எண்ணும்மையால் அடுக்கி, ‘ஆவார்’ என்னும் ஒரே பயனிலையில் முடியும் நெடுந்தொடர் அமையும். இறுதிக்கிரியை நிகழும் நாள், நேரம், இடம் ஆகியன ஈற்றில் இடம்பெறும். இவ்வறிவித்தல் துயருற்ற வீட்டில் விரைவாக எழுதப்படுவது. அச்சேறிய பின் திருத்தம் வெளியிடினும், முதல் அறிவித்தலைக் கண்டவர் அனைவரும் அதனைக் காண்பர் என்று கொள்வதற்கில்லை.

மாதிரிப் படி

ஆய்வின் பொருட்டுப் பின்வரும் படி அமைக்கப்பட்டுள்ளது. இதிலுள்ள பெயர்கள் எவரையும் குறிப்பன அல்ல.

‘நல்லூரை பிறப்பிடமாகவும் கோண்டாவிலை வதிவிடமாகவும் கொண்ட திருமதி செல்லம்மா கந்தையா அவர்கள் 06.06.2023 புதன்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற கந்தையாவின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற இராசையா, மகேஸ்வரி, தவமணி ஆகியோரின் அன்பு சகோதரியும், குமாரின் பாசமிகுத் தாயாரும் ஆவர். அன்னாரின் இறுதிக்கிரியைகள் நாளை வியாழக்கிழமை நடைபெறும்.’

இப்படி புதன்கிழமை எழுதப்பட்டு வியாழக்கிழமை இதழில் வெளிவர இருப்பதாகக் கொள்வோம்.

எழுத்தும் புணர்ச்சியும்

‘நல்லூரை பிறப்பிடமாகவும்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்றலின் வல்லினம் மிகுந்து ‘நல்லூரைப் பிறப்பிடமாகவும்’ எனல் வேண்டும். ‘கோண்டாவிலை வதிவிடமாகவும்’ என்பதில் வருமொழி முதல் இடையினமாதலின் மாற்றமில்லை. ‘அன்பு மனைவி’ இயல்பாக நிற்க, ‘அன்பு சகோதரி’ ‘அன்புச் சகோதரி’ எனத் திருத்தம் பெறும். இவ்வொப்புமையால் ‘பாசமிகுத் தாயார்’ என எழுதுவதும் உண்டு. ‘மிகு தாயார்’ வினைத்தொகையாதலின் அங்கு வல்லினம் மிகாது. ‘பாசமிகு தாயார்’ என்பதே சரியாகும்.

பொதுச்சொற்களுக்குரிய இவ்விதிகளைப் பெயர்கள்மேல் ஏற்றுதல் கூடாது. ‘மகேஸ்வரி’ என்பதை ‘மகேசுவரி’ என மாற்றுவது தமிழ் மரபுக்கு ஏற்புடையதாயினும், அப்பெயருடையவர் தம் பெயரை எவ்வாறு எழுதினார் என்பதே அளவுகோல். பெயருக்கு ஆவணமும் குடும்பத்தாரின் உறுதிப்பாடும் சான்றாகும்.

‘ஆவர்’ என்னும் ஈறும் கருதத்தக்கது. மனைவி, சகோதரி, தாயார் எனப் பல பெயர்கள் அடுக்கி வருதலின் எழுதுவோர் பன்மைப் பயனிலையைத் தருகின்றனர். அடுக்கப்பட்டவை அனைத்தும் ஒருவரையே குறிப்பன. ஆதலின் உயர்வொருமைக்குரிய ‘ஆவார்’ என்பதே வேண்டும்.

‘காலஞ்சென்ற’ என்னும் எச்சத்தின் தழுவல்

‘காலஞ்சென்ற இராசையா, மகேஸ்வரி, தவமணி ஆகியோரின்’ என்னும் தொடரில் எழுத்துப்பிழை ஏதுமில்லை; ஆயினும் படியின் பெரும்பிழை இதுவே. ‘காலஞ்சென்ற’ என்பது பெயரெச்சம். அது திணை, பால், எண் காட்டாது. எனவே அது இராசையா ஒருவரை மட்டும் தழுவுகிறதா, மூவரையுமா என்பதைச் சொல்வடிவம் உணர்த்தாது. ‘ஆகியோர்’ என்னும் தொகைச்சொல் மூவரையும் ஒன்றாகக் கட்டுதலின், மூவரும் மறைந்தவர் என்னும் பொருளே வலுப்பெறுகிறது. மகேஸ்வரியும் தவமணியும் உயிருடன் இருப்பின், அவர்தம் மறைவையும் இவ்வறிவித்தல் கூறியதாகிவிடும்.

மெய்ப்பு நோக்குபவர் இதனைத் தாமே தீர்க்க இயலாது. ஒவ்வொரு பெயரையும் சுட்டி வினவுதல் வேண்டும். மூவரும் மறைந்தவராயின் ‘காலஞ்சென்றவர்களான’ என்னும் வடிவம் ஐயத்தை நீக்கும். அது பன்மை காட்டும் வினையாலணையும் பெயரை உட்கொண்டது. இராசையா மட்டுமே மறைந்தவராயின், உயிருடன் உள்ளோரை முன்வைத்து ‘மகேஸ்வரி, தவமணி, காலஞ்சென்ற இராசையா ஆகியோரின்’ என எழுதலாம். இதனால் மூத்தோர் முதலாகவரும் வரிசை மாறும். குடும்பத்தார் இதனை விரும்பாமலும் இருக்கலாம். அந்நிலையில் ‘இராசையா (காலஞ்சென்றவர்), மகேஸ்வரி, தவமணி ஆகியோரின்’ என அடைப்புக்குறியுள் தருவது வரிசையையும் பொருளையும் ஒருங்கே காக்கும்.

திகதியும் கிழமையும்

06.06.2023 செவ்வாய்க்கிழமை, படியிலோ புதன்கிழமை என உள்ளது. நாட்காட்டியை நோக்கிக் கிழமையை மாற்றிவிடுதல் எளிது. ஆனால் தவறு எதிலுள்ளது என்பதை நாட்காட்டி கூறாது. இறந்த நேரத்தை வினவியபோது ‘செவ்வாய் இரவு ஒன்றரை மணி’ என்னும் விடை கிடைத்ததாகக் கொள்வோம். பேச்சு வழக்கில் நள்ளிரவுக்குப் பிந்திய பொழுதும் முதல் நாள் இரவாகவே எண்ணப்படுகிறது. அச்சுக்குரிய நாட்கணக்கில் அது 07.06.2023 புதன்கிழமை ஆகும். கிழமை சரி, திகதியே பிழை.

31ஆம் நாள் அந்தியேட்டி 07.07.2023 அன்று எனக் குடும்பத்தார் குறித்திருப்பின் அதுவும் துணைச்சான்றாகும். இறந்த நாளை முதல் நாளாகக் கொள்ளின், 07.06.2023 தொடங்கி ஜூன் 30 வரை 24 நாள்கள். ஜூலை 7 முப்பத்தோராம் நாள். 30 நாளைக் கூட்டினால் விடை கிடைக்கும். 31ஐக் கூட்டின் ஒரு நாள் மிகும். எனினும், ஆண்டுத் திவச அறிவித்தலில் திகதி மாறியிருப்பதைப் பிழையெனக் கொள்ளுதல் கூடாது. திதியைப் பின்பற்றும்போது அந்நாள் ஏறத்தாழ 11 நாள் முந்தியோ 19 நாள் பிந்தியோ வரக்கூடும்.

‘நாளை’ என்பது எழுதிய நாளை நோக்கியது. வாசகரோ இதழ் வெளிவரும் நாளை நோக்கிப் பொருள்கொள்வார். வியாழனன்று வாசிப்பவர் வெள்ளிக்கிழமை எனக் கொண்டால் கிரியை முடிந்தபின்னரே வந்து சேர்வார். எனவே ‘இன்று (08.06.2023) வியாழக்கிழமை’ எனத் திகதியுடன் தருதல் வேண்டும்.

தகுதி வழக்கு

இறப்பை நேரே கூறாது வேறு சொல்லாற் கூறுதலை நன்னூல் தகுதி வழக்கின் ஒருவகையான மங்கலத்துள் அடக்கும். மங்கலச் சொற்கள் சமயச்சார்புடையன. ‘சிவபதமடைந்தார்’ சைவருக்கும், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ கிறித்தவருக்கும், ‘வபாத்தானார்’ இசுலாமியருக்கும் உரியன. வாய்பாட்டை முந்தைய அறிவித்தலிலிருந்து பெயர்த்தெடுக்கும்போது ஒரு சமயத்தார்க்குரிய சொல் மற்றொருவர்க்குச் சென்றுவிடும். ‘நல்லடக்கம்’ என்னும் சொல்லுக்கு அருகே ‘தகனக்கிரியை’ எஞ்சி நிற்பது இதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். சமயச்சொல்லை ஏற்காத குடும்பத்தார்க்குக் ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ என்பன பொருந்தும்.

முடிவுரை

மாதிரிப் படியின் திருத்தங்கள் இருவகைப்படுகின்றன. புணர்ச்சியும் பயனிலையும் இலக்கண விதியால் திருத்தத்தக்கவை. எச்சத்தின் தழுவல், இறந்த நாள், பெயரின் எழுத்து, சமயச்சொல் ஆகியன குடும்பத்தாரை வினவியே திருத்தத்தக்கவை. முன்னதைத் தாமே செய்து, பின்னதை வினாவாகக் குறித்து அனுப்பும் மெய்ப்பே நம்பத்தக்கது. வினவாது ஊகித்துச் செய்யும் திருத்தம் தெரியும் பிழையை மறைத்து, தெரியாத பிழையை அச்சேற்றிவிடும்.