மார்ச்சில் வந்த பில், ஆகஸ்டில் போன டாலர்

சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு நான் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். தோத்தாபுரி வரத்து தொடங்குவதற்குள் கூழ் நிரப்பும் அசெப்டிக் பைகள் வந்துவிட வேண்டும். அதனால் 2013 மார்ச் 1 தேதியிட்ட பில்லில் 40,000 டாலருக்கு வெளிநாட்டிலிருந்து வாங்கினோம். சரக்கு கப்பலேறியதும் அன்றுதான். பணம் கட்ட 180 நாள் தவணை கிடைத்ததில் முதலாளிக்கு ஏக சந்தோஷம். அந்த 180-வது நாள் ஆகஸ்ட் 28 என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பில் தேதியில் டாலருக்கு 54.80 வைத்து 21,92,000 ரூபாய் கொள்முதல் எழுதினேன். சென்னைத் துறைமுகத்தில் சரக்கு இறங்கியதும் உதவியாளர் பில் ஆஃப் என்ட்ரியைப் பார்த்து, அதிலிருந்த வேறொரு விகிதத்தில் கொள்முதலைத் திருத்திவிட்டார். சுங்கத் துறை அறிவிக்கும் அந்த விகிதம் வரி கணக்கிட மட்டும்தான். சப்ளையருக்கு நாம் தர வேண்டிய பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழையபடி மாற்றினேன்.

மார்ச் 31 வந்தது. கட்டாத டாலர் பாக்கியை அன்றைய விகிதத்தில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்பது கணக்கீட்டுத் தரநிலை 11 சொல்லும் விதி. ரிசர்வ் வங்கியின் குறிப்பு விகிதம் 54.39. பாக்கி 21,75,600 ஆகக் குறைந்து, 16,400 ரூபாய் லாபம் வந்தது. கையில் ஒரு பைசாகூட வராத லாபம். ஆனாலும் முதலாளி, “பாத்தியாப்பா, தவணை வாங்கினா இப்படித்தான்” என்றார்.

வங்கியில் ஃபார்வர்டு எடுக்கலாமா என்று மார்ச்சிலேயே கேட்டிருந்தேன். ஆகஸ்டில் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி வைப்பதுதான் அது. அன்றைய விலைக்கு மேல் டாலருக்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் கூடும். மொத்தத்தில் அறுபதிலிருந்து எண்பதாயிரம். “அது தண்டச் செலவு” என்று தள்ளிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

மே மாதத்திலிருந்து ரூபாய் சரியத் தொடங்கியது. ஆகஸ்ட் 28 காலையில் எங்கள் அந்நியச் செலாவணி வேலையைப் பார்க்கும் திருப்பதி கிளையில் போய் உட்கார்ந்தேன். மலைமேல் உண்டியலில் டாலர் தானாக விழுகிற ஊர். கீழே நான் அதை வாங்க வியர்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை ரூபாய் கண்ட மிக மோசமான நாள் அதுதான். 68.60-க்கு முடித்தோம். 27,44,000 ரூபாய் போனது.

மார்ச் 31-ல் வைத்த பாக்கியோடு ஒப்பிட்டால் புது ஆண்டின் நஷ்டம் 5,68,400. போன ஆண்டில் காட்டிய 16,400 லாபத்தைக் கழித்தால், பில் தேதியிலிருந்து கூடப் போனது 5,52,000. இதைப் பைகளின் விலையோடு சேர்த்துக் கூழின் அடக்கவிலையை ஏற்றிக் காட்டலாமே என்றார் முதலாளி. முடியாது. பை வாங்கிய விலை பில் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்தது கடனை ஆற அமர அடைத்ததன் விலை, லாப நஷ்டக் கணக்குக்குத்தான் போகும். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்கியிருந்தால் வருமான வரிக் கணக்கு வேறு மாதிரி. பணம் கட்டும்போது வரும் வித்தியாசத்தை இயந்திரத்தின் விலையோடு சேர்க்கச் சொன்னது 43ஏ பிரிவு.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு விஷயம். ஜூலையில் ஏற்றுமதி செய்த கூழுக்கு 30,000 டாலர் வந்திருந்தது. சம்பளம், மாங்காய்ப் பட்டுவாடா என்று அவசரப்பட்டு, 60 ரூபாய் சுமாருக்கு அப்படியே ரூபாயாக மாற்றிவிட்டோம். ஏற்றுமதியாளர் டாலராகவே வைத்துக்கொள்ளும் இ.இ.எஃப்.சி. கணக்கில் அதைப் போட்டிருக்கலாம். ஒரு மாதம் வந்த டாலரை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், இல்லையென்றால் ரூபாயாக மாற்ற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஜூலை டாலருக்கு ஆகஸ்ட் 31 வரை இடம் இருந்தது, எங்கள் தவணையோ 28. விற்ற டாலரையே எட்டரை ரூபாய்க்கு மேல் கூடுதல் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறோம். அந்த 30,000 டாலரில் மட்டும் ஏறக்குறைய 2,58,000. ஊர் உலகமே ரூபாய் சரிவைப் பேசியபோது, எங்கள் நஷ்டத்தில் பாதி எங்கள் கைவேலை. ஏற்றுமதிக் கணக்கும் இறக்குமதிக் கணக்கும் இரண்டு பேர் கையில் இருந்தன. இரண்டையும் ஒரே தாளில் யாரும் பார்க்கவில்லை.

பயந்துபோன முதலாளி, அடுத்து நவம்பரில் கட்ட வேண்டியதற்கு அன்றே ஃபார்வர்டு எடுக்கச் சொன்னார். நான் தயங்கியதில் நாள் தள்ளிப்போனது. அக்டோபருக்குள் டாலர் 62 பக்கம் இறங்கிவிட்டது. அதை என் கெட்டிக்காரத்தனம் என்று அவர் இன்றும் சொல்கிறார். நான் திருத்தவில்லை.

அதன்பிறகு பில் வந்த அன்றே கெடு தேதியைச் சுவர் நாட்காட்டியில் எழுதி, அந்த மாதத்திலும் அதற்கு முந்தைய மாதத்திலும் எந்த ஏற்றுமதிப் பணம் வரும் என்பதைப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துவிடுவேன். அது போதாத தொகைக்கு மட்டும் திருப்பதிக்குப் போன் போடுவேன்.