கூரை மூலையில் ஒட்டடை: வீட்டு நிழற்படத்தில் எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது?

வீட்டை வாடகைக்கு விடவோ விற்கவோ எண்ணும் வாடிக்கையாளர்கள் இன்று முதலில் செய்வது அறைகளை நிழற்படம் எடுத்து விளம்பரத்துடன் இணைப்பதுதான். முழு அறையும் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்பதற்காகக் கைப்பேசியின் அகலக் கோண வில்லையைப் பயன்படுத்துகிறோம். அந்த வில்லை படத்தின் ஓரங்களில் உள்ளவற்றை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையது. நேரில் நாம் கவனிக்காத கூரை மூலை ஒட்டடையும், சுவரில் அமர்ந்த பல்லியும், விளக்கு மூடிக்குள் இறந்து கிடக்கும் பூச்சிகளும் படத்தில் மட்டும் உறுத்தலாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

படம் எடுப்பதற்கு முன் ஒட்டடைக்கோலைக் கையில் எடுப்பதே எளிய வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீடு வெளியூரில் பூட்டிக் கிடக்கும்போதும், உறவினர் ஒருவர் எடுத்தனுப்பிய படங்கள் மட்டுமே கைவசம் இருக்கும்போதும், படத்திலேயே திருத்த வேண்டிய நிலை ஏற்படுகிறது. அதை எவ்வாறு செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பவற்றை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இங்குக் காண்போம்.

புனேயில் அடுக்குமாடி வீடு வைத்திருக்கும் குடும்பம் ஒன்று பணியிட மாற்றத்தால் வேறு நகருக்குச் சென்றுவிட்டது எனக் கொள்வோம். ஆறு மாதங்களாகப் பூட்டிக் கிடக்கும் அவ்வீட்டின் கூடத்தை அண்டை வீட்டார் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். படத்தின் இடப்பக்க மேல் மூலையில் ஒட்டடை தொங்குகிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பல்லி. உடல் சுவரிலும் வால் கூரையிலுமாக இருக்கிறது. விளக்கின் மூடிக்குள் நான்கைந்து கரும்புள்ளிகள். மேலும், மூலையிலிருந்து மரப் பரணின் சட்டம் வரை பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு.

முதலில் இனம் காணுதல்

திருத்தத் தொடங்கும் முன் ஒவ்வொன்றும் என்னவென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கூரை மூலையில் ஒட்டடை போலத் தோன்றுபவை அனைத்தும் ஒட்டடை அல்ல. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஏற்படும் மயிரிழை வெடிப்பு, ஒற்றைச் சிலந்தி இழை போலவே படத்தில் தெரியும். ஈரக்கசிவினால் படரும் கரும்பூஞ்சை, இறந்த பூச்சிகளின் கூட்டம் போலத் தோன்றும். கரையான் கட்டும் மண்தடம், தூசு படிந்த ஒட்டடைக் கயிறு போலக் காட்சி தரும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதே மூலையை ஓரடி இடமும் ஓரடி வலமும் நகர்ந்து நின்று இரு படங்கள் எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டடையின் இழைகள் சுவரை விட்டு விலகிக் காற்றில் தொங்குபவை. ஆகவே இரு படங்களிலும் அவற்றின் இடம் பின்னணியை ஒட்டி மாறித் தெரியும். வெடிப்பும் பூஞ்சையும் மண்தடமும் சுவரோடு ஒட்டியவை. அவை இம்மியும் நகரா. சுவரோடு ஒட்டிப் படர்ந்த பழைய ஒட்டடையும் நகராது என்பதால், நகராத எதையும் அருகில் சென்று பார்க்காமல் அழிக்கலாகாது என்பதே நாம் கொள்ள வேண்டிய விதி.

நம் எடுத்துக்காட்டில் தொங்கும் இழைகள் நகர்ந்தன. பழுப்புக் கோடு நகரவில்லை. அண்டை வீட்டார் ஏணி வைத்து ஏறி அதைச் சுரண்டிப் பார்த்தபோது மண் உதிர்ந்தது. உள்ளே வெண்ணிறக் கரையான்கள் ஊர்ந்தன. தூரிகையின் ஒரே இழுப்பில் அக்கோட்டைப் படத்திலிருந்து அழித்திருக்கலாம். ஆனால் பரணின் சட்டம் உள்ளுக்குள் அரிக்கப்படுவது பல மாதங்களுக்கு எவர் கவனத்துக்கும் வந்திராது. குறையைத் தேடிக் கண்டறியும் கடைசி வாய்ப்பாகச் சில வேளைகளில் அந்தப் படமே அமைந்துவிடுகிறது.

மூலை ஏன் கடினமானது?

திருத்தத்திற்கு GIMP என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இதில் நமக்குத் தேவையான கருவிகள் இரண்டு. `Clone` என்பது ஓரிடத்தில் உள்ளதை அப்படியே படியெடுத்து மற்றோரிடத்தில் ஒட்டும். `Heal` என்பது ஓரிடத்தின் நுண்வரியை மட்டும் எடுத்து, நிறத்தையும் ஒளியையும் ஒட்டப்படும் இடத்தின் சுற்றுப்புறத்தோடு இணக்கிவிடும். இரண்டிலும் `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு, எங்கிருந்து எடுக்க வேண்டுமோ அங்கு ஒருமுறை சொடுக்கிய பிறகே பூசத் தொடங்க வேண்டும்.

சமமான சுவர்ப்பரப்பில் `Heal` மிக நன்றாகப் பணியாற்றும். சன்னலிலிருந்து மூலையை நோக்கி ஒளி மெல்லக் குறைந்துகொண்டே வருவதால், அங்கு `Clone` பயன்படுத்தினால் ஒட்டிய இடம் மட்டும் வெளிறியோ கறுத்தோ தனித்துத் தெரியும். `Heal` அந்த வேறுபாட்டைச் சரிசெய்துவிடும்.

ஆனால் மூலை என்பது மூன்று பரப்புகள் சந்திக்கும் இடம். இரு சுவர்களும் கூரையும் மூன்று வேறு ஒளியளவுகளில் இருக்கும். அவற்றைப் பிரிக்கும் விளிம்பின் மீது `Heal` தூரிகையை ஓட்டினால், அக்கருவி சுவரின் நிறத்தைக் கூரைக்குள்ளும் கூரையின் நிறத்தைச் சுவருக்குள்ளும் கலந்துவிடும். கூர்மையாக இருந்த விளிம்பு மங்கிப் புகை படிந்தது போலாகும். கைப்பேசிச் செயலிகளில் விரலால் ஒரே தேய்ப்பில் ஒட்டடையை அழிப்போருக்கு மூலையில் கறுத்த தீற்றல் ஒன்று எஞ்சுவதும் இதனால்தான். `Snapseed` செயலியின் `Healing` கருவியிலும் இந்நிலையே. அதில் படத்தை மிகப் பெரிதாக்கிக்கொண்டு, விளிம்பைத் தொடாமல் சிறுசிறு தொடுதல்களாகத் திருத்தினால் ஓரளவு நல்ல பயன் கிடைக்கும்.

விளிம்பு முதலில், பரப்பு பிறகு

இச்சிக்கலுக்குத் தீர்வு பணியின் வரிசையில் இருக்கிறது. முதலில் `Layer > Duplicate Layer` வழியே படத்தின் நகல் அடுக்கு ஒன்றை உருவாக்கி, அதன் மீதே பணியாற்றுங்கள். மூல அடுக்கு தீண்டப்படாமல் அடியில் இருக்கட்டும்.

அடுத்து விளிம்பைச் சீராக்க வேண்டும். `Clone` கருவியை எடுத்து, அதன் அமைப்பில் `Aligned` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல்லியின் வால் கடக்கும் அதே விளிம்புக் கோட்டில், வாலுக்குச் சற்று அப்பால் தூய்மையாக உள்ள ஓர் இடத்தில், மிகச் சரியாகக் கோட்டின் மீதே `Ctrl` அழுத்திச் சொடுக்குங்கள். பிறகு வால் கடக்கும் இடத்தில், மீண்டும் சரியாகக் கோட்டின் மீது வைத்து, கோட்டின் போக்கிலேயே பூசுங்கள். தூரிகையின் அகலம் வாலைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். எடுக்கும் இடம் மிகத் தொலைவில் இருந்தால் ஒளியளவு மாறிவிடும்; ஆகவே இயன்றவரை அருகிலிருந்தே எடுக்க வேண்டும்.

இப்போது விளிம்பின் இரு பக்கங்களிலும் தூய்மையான ஒரு மெல்லிய பட்டை கிடைத்துவிட்டது. பல்லியின் உடல் சுவரின் நடுவே ஒரு தீவாகவும், வாலின் நுனி கூரையில் மற்றொரு தீவாகவும் பிரிந்து நிற்கும. இனி `Heal` கருவியைக் கொண்டு ஒவ்வொரு தீவையும் அதனதன் பரப்பிலிருந்து எடுத்த நுண்வரியால் நிரப்பலாம். சுற்றிலும் ஒரே நிறம் இருப்பதால் இப்போது கலப்பு நேராது.

பல்லியை நீக்கும்போது பலரும் தவறவிடுவது அதன் நிழலை. சன்னலின் எதிர்த்திசையில் சுவரின் மீது மென்மையான நிழல் விழுந்திருக்கும். உடலை மட்டும் நீக்கிவிட்டால், ஈரக்கறை போன்ற ஒரு சாம்பல் திட்டு எஞ்சிப் பார்ப்பவருக்கு இல்லாத ஐயத்தை உண்டாக்கும். ஆகவே நிழலையும் சேர்த்தே தீவாகக் கொள்ள வேண்டும்.

ஒட்டடைக்கும் இதே வரிசைதான். ஆனால் ஒட்டடை ஒளி ஊடுருவும் தன்மையுடையது. இழைகளை மட்டும் நீக்கினால், அவற்றுக்கிடையே மெல்லிய வலை பரப்பியிருந்த மங்கல் அப்படியே இருக்கும். மூலைப் புள்ளியிலிருந்து மூன்று விளிம்புகளையும் முதலில் தனித்தனியே `Clone` கொண்டு மீட்டுவிட்டு, பிறகு இழைகளும் மங்கலும் சேர்ந்த முழுப் பகுதியையும் `Heal` கொண்டு நிரப்புங்கள்.

விளக்கு மூடிக்குள் உள்ள பூச்சிகள் எளியவை. சிறிய தூரிகையால் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே தொட்டால் போதும். எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் அழிக்க முயன்றால், மூடியின் நடுவிலிருந்து ஓரத்திற்குப் படிப்படியாகக் குறையும் ஒளி குலைந்து, மூடி தட்டையாகத் தோன்றும்.

சரிபார்த்தல்

பணி முடிந்ததும் `1` விசையை அழுத்திப் படத்தை முழு அளவில் பாருங்கள். திருத்திய இடம் சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாக இருந்தாலோ, ஒரே சிறு புள்ளி அருகருகே இருமுறை தெரிந்தாலோ, திருத்தம் வெளிப்பட்டுவிடும். பிறகு `Colors > Brightness-Contrast` சென்று மாறுபாட்டை மிகுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் புலப்படாத திட்டுகள் அப்போது தோன்றும். பார்த்து முடித்ததும் அம்மாற்றத்தை நீக்கிவிட்டுத் திட்டுகளை மட்டும் மீண்டும் `Heal` கொண்டு சீராக்குங்கள்.

எல்லைக்கோடு

எதை நீக்கலாம் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். ஒட்டடைக்கோலும் ஈரத்துணியும் நீக்கக்கூடியதைப் படத்தில் நீக்கலாம். கொத்தனாரோ, வண்ணம் பூசுபவரோ, கரையான் மருந்து அடிப்பவரோ வர வேண்டியதைப் படத்தில் தொடலாகாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், தனக்குத் தெரிந்ததும், வாங்குபவர் அறியாததும், இயல்பான கவனத்துடன் பார்த்தாலும் அவரால் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறைகளை வெளிப்படுத்தும் கடமையை விற்பவர் மீது சுமத்துகிறது. கரையான் தடத்தை அழித்த படம் அக்கடமைக்கு நேர் எதிரானது. நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் அக்கோட்டைப் படத்தில் விட்டுவைத்தது; மருந்து அடித்து, பரணின் சட்டத்தை மாற்றிய பின் புதிய படம் எடுத்தே விளம்பரம் செய்தது.

படத்தில் நீக்கிய ஒட்டடையை, வீட்டைப் பார்க்க ஆள் வருவதற்கு முன் நேரிலும் நீக்கிவிட வேண்டும். படத்தில் இல்லாத ஒட்டடையை மூலையில் காண்பவர், படத்தில் இல்லாத வேறு எவையெவை உள்ளன என்று தேடத் தொடங்குவார்.

கடன் விண்ணப்பத்துடனோ காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கையுடனோ அளிக்கும் படங்களுக்கு இத்திருத்தம் எதுவும் பொருந்தாது. அவற்றில் ஒட்டடையும் பல்லியும் இருந்தவாறே இருக்கட்டும். திருத்திய படத்தை `File > Export As` வழியே புதுப் பெயரில் சேமித்து, கைப்பேசி தந்த மூலக் கோப்பைத் தனியே பாதுகாத்து வையுங்கள்.